பாதிக் கட்டமும் இரண்டு தசமமும்: எண்ணூர்ச் சேற்றின் ஒட்டுறவு அட்டவணையை வாசிக்கும் முறை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கரையை ஒட்டி வடக்கே போனால் திருவொற்றியூர், அதற்கு அப்பால் எண்ணூர். அங்கேதான் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும், மணலித் தொழிற்பேட்டையின் கழிவும், நகரத்துச் சாக்கடையும் அந்தக் கழிமுகத்தை வந்தடைகின்றன. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் எண்ணெய் பரவியது. இத்தகைய நீர்நிலையைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் அடிக்கடி ஓர் அட்டவணை வரும். இடப்பக்கம் பொருள்களின் பெயர்கள், மேலே அதே பெயர்கள் அல்லது அவற்றின் எண்கள். கட்டங்களில் பாதி நிரம்பியிருக்கும், பாதி வெறுமையாக இருக்கும். நிரம்பிய எண்கள் எல்லாம் இரண்டு தசம இடங்களோடு நிற்கும். அந்த வெறுமைக்கும் அந்த இரண்டு இடங்களுக்கும் காரணம் என்ன என்பதைப் படிப்படியாகக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பேச்சுக்கு ஓர் அட்டவணை வேண்டும். கீழே உள்ளது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. எந்த ஆய்வின் முடிவும் அன்று. கழிமுகத்தின் அடிச்சேற்றில் 30 இடங்களில் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து அளவுகளைக் கண்டதாகக் கொள்வோம். நுண்துகள் என்பது 63 மைக்ரானுக்கும் சிறிய மண்துகள்களின் விழுக்காடு. கரிமம் என்பது மட்கிய உயிர்ப்பொருளிலிருந்து வரும் அங்ககக் கரிமம். அவற்றோடு இரும்பு, ஈயம், சிப்பி ஓடுகளிலிருந்து வரும் சுண்ணம்.

| | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---:|---:|---:|---:|---:|
| 1. நுண்துகள் | – | | | | |
| 2. கரிமம் | 0.78 | – | | | |
| 3. இரும்பு | 0.84 | 0.70 | – | | |
| 4. ஈயம் | 0.62 | 0.66 | 0.58 | – | |
| 5. சிப்பிச் சுண்ணம் | −0.55 | −0.40 | −0.60 | −0.31 | – |

முதலில் எண்ணிக்கை. ஐந்து அளவுகளை ஐந்தோடு சேர்த்தால் 25 கட்டங்கள். அவற்றில் ஐந்து மூலைவிட்டத்தில் விழுகின்றன. ஓர் அளவு தன்னோடு கொள்ளும் ஒட்டுறவு எப்போதும் 1 என்பதால் அங்கே அறிய எதுவும் இல்லை. எஞ்சிய 20 கட்டங்களும் இரண்டிரண்டாக ஒரே எண்ணைத் தாங்குபவை. ஆகவே அட்டவணை உண்மையில் சொல்லும் செய்திகள் பத்தே. பழைய சாலை வரைபடப் புத்தகங்களில் ஊர்களுக்கிடையே உள்ள தொலைவை முக்கோண வடிவில் அச்சிடுவார்கள்; இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு உள்ள தூரமே எண்ணூரிலிருந்து இராயபுரத்துக்கும் என்பதால் மறுபாதி தேவைப்படுவதில்லை. ஒட்டுறவு அட்டவணையின் வடிவமும் அதுவே.

ஆனால் தூரம் இருபக்கமும் ஒன்றாயிருப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒட்டுறவு ஒன்றாயிருப்பதை விளக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் இரும்பு தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது, ஈயம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறோம். அவ்விரு விலகல்களையும் பெருக்கி, 30 பெருக்கற்பலன்களுக்கும் சராசரி காண்கிறோம். அதை இரும்பின் திட்ட விலக்கத்தாலும் ஈயத்தின் திட்ட விலக்கத்தாலும் வகுத்தால் ஒட்டுறவுக் கெழு கிடைக்கும். பெருக்கலில் எது முன், எது பின் என்பது பொருட்டன்று. இரும்பை முதலில் எழுதினாலும் ஈயத்தை முதலில் எழுதினாலும் 0.58 தான் வரும். கணிதத்தில் இத்தகைய அணியைச் சமச்சீர் அணி என்பர்.

இந்தச் சமச்சீர்மை வரலாற்றில் ஒரு கண்டுபிடிப்பாகவே வந்தது. பிரான்சிஸ் கால்டன் 1888இல் மனிதரின் உயரத்தையும் முன்கையின் நீளத்தையும் ஒப்பிட்டார். உயரத்தைக் கொண்டு முன்கையை மதிப்பிட்டால் ஓர் எண் வந்தது. முன்கையைக் கொண்டு உயரத்தை மதிப்பிட்டால் வேறோர் எண் வந்தது. ஒவ்வோர் அளவையும் அதனதன் பரவலையே அலகாகக் கொண்டு எழுதியதும் இரண்டு எண்களும் ஒன்றாயின. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெல்டன் என்னும் விலங்கியலாளர் அதே முறையை இறாலின் உடற்பகுதிகளுக்குப் பயன்படுத்தினார். மதிப்பிடுவது என்பது ஒன்றை முன்வைத்து மற்றொன்றைத் தேடுவது; அதற்குத் திசை உண்டு. ஒட்டுறவுக்குத் திசை இல்லை.

இதிலிருந்து அடுத்த படிக்குப் போகலாம். பாதிக் கட்டத்தை வெறுமையாக விடுவது மை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் அன்று. ‘இங்கே காரணமும் விளைவும் சொல்லப்படவில்லை’ என்னும் அறிவிப்பும் அதில் அடங்கியிருக்கிறது. முழுக் கட்டத்தையும் நிரப்பினால், ‘ஈயம்’ என்னும் வரிசையில் ‘இரும்பு’ என்னும் நிரலில் ஓர் எண்ணும், ‘இரும்பு’ வரிசையில் ‘ஈயம்’ நிரலில் இன்னோர் எண்ணும் இருக்கும். பழக்கமில்லாத வாசகர் இவை இரு வேறு செய்திகள் என்று எண்ணிவிடக்கூடும். உயர்ந்த கெழுக்களை எண்ணும்போது ஒவ்வொன்றையும் இருமுறை எண்ணிவிடுவதும் உண்டு.

பாதி அட்டவணையை வாசிப்பதற்கு ஒரு சிறு பயிற்சி தேவை. இரும்போடு எவையெவை ஒட்டி நிற்கின்றன என்று அறிய, மூன்றாம் வரிசையை மட்டும் பார்த்தால் 0.84, 0.70 என்ற இரண்டுதான் கிடைக்கும். மூலைவிட்டத்தை அடைந்ததும் திரும்பி மூன்றாம் நிரலில் கீழிறங்க வேண்டும். அப்போதுதான் ஈயத்தோடு 0.58, சுண்ணத்தோடு −0.60 என்ற மற்ற இரண்டும் தெரியும். வரிசையோடு நிறுத்திவிடும் வாசகர் அட்டவணையின் மிகப் பெரிய எதிர்க்குறி உறவைத் தவறவிடுகிறார்.

வெறும் பாதியை வேறு பணிக்கு ஒப்படைப்பவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கெழுக்களை மூலைவிட்டத்துக்குக் கீழும், கோடைக்காலத்துக் கெழுக்களை மேலும் அச்சிடலாம். ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களும் முகத்துவாரத்தில் மணல் சேரும் மாதங்களும் ஒன்றல்ல என்பதால் எண்ணூருக்கு இது பொருத்தமான அமைப்பே. ஆனால் அப்போது எந்தப் பாதி எந்தக் காலம் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒரே எண் இல்லையே என்று கூர்மையான வாசகர் கணக்கையே ஐயுறுவார்.

இனித் தசம இடங்களுக்கு வருவோம். கணினி தரும் கெழு 0.6183472 என்று நீளும். அதில் எவ்வளவை அச்சிடுவது? இதற்கு விடை, மாதிரிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஈயத்துக்கும் நுண்துகளுக்கும் உள்ள 0.62 என்னும் கெழு 30 மாதிரிகளிலிருந்து வந்தது. பிஷர் வகுத்த மாற்றத்தைக் கொண்டு கணக்கிட்டால், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.33 முதல் 0.80 வரை விரிகிறது. வேறொரு நாள், வேறு 30 இடங்களில் சேறு அள்ளியிருந்தால் 0.45 வந்திருக்கலாம், 0.74 வந்திருக்கலாம். இந்த நிலையில் மூன்றாம் இடத்து 8 எதைச் சொல்கிறது? ஒன்றையும் சொல்வதில்லை.

கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். 0.62ஐ ஒட்டிய ஒரு கெழுவின் இரண்டாம் தசம இடம் நிலைத்து நிற்க, அதாவது பிழை 0.005க்குள் அடங்க, ஏறத்தாழ 58,000 மாதிரிகள் வேண்டும். மூன்றாம் இடம் நிலைக்க 58 லட்சம் வேண்டும். ஓர் இடம் கூடுவதற்கு மாதிரிகள் நூறு மடங்காக வேண்டும். பிழை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு மட்டுமே குறைகிறது என்பதே இதற்குக் காரணம். 30 மாதிரிகளை வைத்துக்கொண்டு மூன்று, நான்கு இடங்களை அச்சிடுவது, கையில் இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொள்வதாகும்.

அப்படியானால் ஒரே ஓர் இடம் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண அட்டவணையின் உட்பொருளுக்குள் ஓரடி வைக்க வேண்டும்.

இரும்பும் ஈயமும் 0.58 அளவுக்கு ஒட்டி நிற்கின்றன. இதைக் கண்டதும், இரண்டும் ஒரே ஆலையிலிருந்தோ ஒரே சாம்பல் குழாயிலிருந்தோ வருகின்றன என்று முடிவுகட்டும் ஆசை எழும். ஆனால் முதல் நிரலைப் பாருங்கள். இரும்பு நுண்துகளோடு 0.84, ஈயம் நுண்துகளோடு 0.62. மிக நுண்ணிய துகள்களுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிகுதி. அப்பரப்பில் உலோகங்கள் படியும். மணலும் சிப்பி ஓடும் மிகுந்த இடத்தில் உலோகம் குறையும். கடைசி வரிசையின் எதிர்க்குறிகள் சொல்வது அதைத்தான். எங்கே களியும் வண்டலும் தேங்குகின்றனவோ அங்கே எந்த மூலத்திலிருந்து வந்த உலோகமும் சேரும். ஆகவே இரும்பும் ஈயமும் ஒன்றாக ஏறி இறங்குவது பொது மூலத்தால் அன்றி, பொது இருப்பிடத்தாலும் இருக்கலாம்.

இதைச் சோதிக்க அட்டவணையே போதும். மூலத் தரவு வேண்டியதில்லை. நுண்துகளின் அளவை நிலையாக வைத்தபின் இரும்புக்கும் ஈயத்துக்கும் எஞ்சும் பகுதி ஒட்டுறவை மூன்றே எண்களால் காணலாம். இரு உலோகங்களும் நுண்துகளோடு கொண்ட கெழுக்களைப் பெருக்கினால் 0.84 × 0.62 = 0.5208. அதை 0.58இலிருந்து கழித்தால் 0.0592. இதை வகுக்கும் எண், 1 − 0.84² என்பதையும் 1 − 0.62² என்பதையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வரும் 0.4257. விடை 0.14. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த 0.58இல் பெரும்பகுதி துகள் அளவின் வேலை என்று ஆகிறது. சேற்று ஆய்வாளர்கள் உலோகங்களை அலுமினியத்தோடு விகிதப்படுத்திப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். அலுமினியம் களிமண்ணின் அளவைக் காட்டும் சாட்சி.

இப்போது அதே கணக்கை ஓர் இடத்துக்குச் சுருக்கிய எண்களால் செய்து பாருங்கள். 0.58 என்பது 0.6 ஆகும், 0.84 என்பது 0.8 ஆகும், 0.62 என்பது 0.6 ஆகும். கழித்தால் 0.6 − 0.48 = 0.12, வகுக்கும் எண் 0.48, விடை 0.25. முன்னே 0.14, இப்போது 0.25. நெருங்கிய இரு எண்களைக் கழிக்கும்போது சிறு சுருக்கமும் பெரிதாகிவிடுகிறது. 30 மாதிரிகளுக்கு இவ்விரண்டுமே பூச்சியத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்பவை அல்ல என்பது உண்மை. ஆயினும், மாதிரி எடுப்பதில் வரும் தவிர்க்க முடியாத ஐயத்தோடு, அச்சிடுபவர் உண்டாக்கும் ஐயமும் சேர வேண்டியதில்லை. இரண்டு தசம இடம் என்னும் வழக்கம் இவ்விரு நெருக்கங்களுக்கு நடுவில் நிற்கிறது. மூன்றாம் இடம் தரவுக்கு மிஞ்சியது. ஓர் இடம் அடுத்து கணக்கிடுபவருக்குப் போதாதது.

இரண்டு இடம் என்று முடிவானபின், எல்லாக் கட்டத்திலும் இரண்டாகவே இருக்க வேண்டும். இங்கே அதிகம் பழுதுபடுவது கடைசிப் பூச்சியம். 0.70 என்பதை எக்செல் தானாக 0.7 என்று காட்டும், −0.60 என்பது −0.6 ஆகும். வாசகர் இவை குறைந்த துல்லியத்தில் அளந்தவை என்று கொள்வார், அல்லது ஓர் இலக்கம் விடுபட்டதோ என்று ஐயுறுவார். நிரலில் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நில்லாததால் கண்ணால் ஒப்பிடுவதும் கெடும். தீர்வு எளிது. கட்டங்களின் எண் வடிவத்தை `0.00` என்று வைத்தால் போதும். காட்சி மட்டும் சுருங்கும், உள்ளிருக்கும் முழு எண் பிற்கணக்குகளுக்கு அப்படியே கிடைக்கும். `ROUND` கொண்டு எண்ணையே வெட்டிவிட்டால் இந்த வசதி போய்விடும். புள்ளிக்கு முன்னுள்ள பூச்சியத்தைச் சில ஆய்விதழ்கள் விட்டுவிடுகின்றன. கெழு ஒன்றைத் தாண்டாது என்பதால் அதிலும் பிழையில்லை. எதைக் கொண்டாலும் அட்டவணை முழுதும் அதுவே இருக்க வேண்டும்.

சுருக்குவதில் இரண்டு எண்கள் தனிக் கவனம் கேட்கும். −0.003 என்பது −0.00 என்று அச்சாகலாம். அங்கே குறிக்குப் பொருளில்லை, 0.00 என்றே இடலாம். மற்றொன்று, மூலைவிட்டத்துக்கு வெளியே வரும் 1.00. அது 0.997இன் சுருக்கமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது ஒரே அளவை இரு பெயரில் சேர்த்துவிட்டதற்கு அடையாளம். நீராய்வு அட்டவணைகளில் மின்கடத்துதிறனும் மொத்தக் கரைபொருளும் இப்படி நிற்கும். பல கருவிகள் முன்னதை ஒரு மாறிலியால் பெருக்கியே பின்னதைத் தருகின்றன. அந்த 1.00 கருவியின் உள்கணக்கே அன்றி நீரைப் பற்றிய செய்தி அன்று.

பாதி அட்டவணைக்கு ஒரு குறையும் உண்டு. முழு அட்டவணையில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டச்சிட்டால் அதன் இணைக் கட்டம் காட்டிக்கொடுக்கும். பாதியில் அந்தச் சாட்சி இல்லை. எனினும் வேறொரு காவல் இருக்கிறது. எந்த மூன்று அளவுகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள மூன்று கெழுக்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும். கரிமம் நுண்துகளோடு 0.78, இரும்பு நுண்துகளோடு 0.84 என்றால், கரிமமும் இரும்பும் தமக்குள் எதுவும் கொள்ளலாம் என்பதில்லை. இரண்டையும் பெருக்கினால் 0.655. 1 − 0.78² என்பதையும் 1 − 0.84² என்பதையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 0.340. ஆகவே மூன்றாம் கெழு 0.32க்கும் 0.99க்கும் இடையில்தான் இருக்க முடியும். அட்டவணையில் உள்ள 0.70 அதற்குள் அடங்குகிறது. இலக்கம் இடம்மாறி 0.07 என்று அச்சாகியிருந்தால், அப்படி ஒரு தரவு இருக்கவே முடியாது என்று வாசகர் தாமே கண்டுபிடித்துவிடுவார்.

தட்டச்சுப் பிழை இல்லாமலும் இந்த எல்லை மீறப்படலாம். சில இடங்களின் ஈயம் கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கும். அவற்றை விட்டுவிட்டு ஈயக் கெழுக்களை 22 மாதிரிகளாலும், மற்றவற்றை 30 மாதிரிகளாலும் கணக்கிட்டால், ஒரே அட்டவணையில் வெவ்வேறு தொகுதிகளின் எண்கள் கலந்துவிடுகின்றன. ஒவ்வொரு கெழுவும் தனித்தனியே சரி. ஆனால் கூடி நிற்கும்போது ஒவ்வாதவை. சுத்தமான இடங்களே விடுபட்டதால் ஈயத்தின் கெழுக்களும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.

இன்னொரு விபத்து அட்டவணையை அடுக்கும்போது நேர்வது. எக்செலின் தரவுப் பகுப்பாய்வுக் கருவி தானாகவே கீழ்ப்பாதியை மட்டும் தரும். அதன்பின் உலோகங்களை முன்னே கொண்டுவர விரும்பி வரிசைகளை வெட்டி ஒட்டினால், சில கெழுக்கள் வெறுமையாக இருக்க வேண்டிய மேற்பாதிக்குப் போகும். சில கட்டங்கள் காலியாகும். பாதி அட்டவணையை அப்படி இடம் மாற்ற இயலாது. மூலத் தரவின் நிரல்களை மாற்றி, கெழுக்களைப் புதிதாகக் கணக்கிடுவதே வழி. முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஐந்து அளவுக்குப் பத்து, எட்டு அளவுக்கு 28, பத்து அளவுக்கு 45. எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது.

எண்ணூர்ச் சேற்றைப் பற்றிய அறிக்கை ஆய்வகத்தோடு நின்றுவிடுவதில்லை. அது பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னும், மீனவர் சங்கங்களின் கைக்கும், ஆலைகளின் வழக்கறிஞரிடமும் போகும். 0.58ஐ எடுத்துக்கொண்டு ஒருவர் ஒரே மூலம் என்பார், 0.14ஐ எடுத்துக்கொண்டு மற்றவர் மூலமே இல்லை என்பார். இரண்டுமே அட்டவணை சொல்லாதவை. சேற்றில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட அது சொல்வதில்லை. எல்லா இடத்திலும் ஈயம் இருமடங்கானாலும் கெழு மாறாது. மூலத்தைக் காட்ட உலோகங்களின் அளவும், சாம்பல் குட்டையிலும் ஆற்றின் மேற்பகுதியிலும் எடுத்த மாதிரிகளும், ஈயத்தின் ஐசோடோப்பு விகிதமும் வேறு அட்டவணைகளாக வர வேண்டும். இந்த அட்டவணையின் கடமை அதனினும் சிறியது. அதன் அடியில் நான்கு செய்திகள் இருந்தால் அக்கடமை நிறைவேறும்: எத்தனை மாதிரிகள், எந்தப் பருவம், எந்த வகை ஒட்டுறவு, விடுபட்ட அளவுகளை என்ன செய்தார்கள். அவை இருந்தால், பத்து எண்களைக் கொண்டு மேலே செய்த கணக்குகளை எவரும் தாமே செய்து சரிபார்க்கலாம்.